எதன் மீது சதவீதம்?

சேர்வராயன் மலையில் கிடைக்கும் முக்கியக் கனிமம் எது? மாதிரித் தேர்வில் இந்தக் கேள்வி வந்தால், ஏற்காட்டில் பிறந்து வளர்ந்த ஒருவர் தவறாக விடையளிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அவருக்கு மாக்னசைட் என்ற பெயர் சிறுவயதிலிருந்தே பழக்கம். மலையடிவாரத்தை ஒட்டிய சேலத்து மாக்னசைட் சுரங்கங்களை அவர் அறிவார். அதனால் தயங்காமல் மாக்னசைட் என்று வட்டத்தை நிரப்பிவிடுவார். மலைமேல் கிடைப்பது பாக்சைட். வெளியூர்க்காரர் இதே கேள்வியில் தடுமாறியிருக்கலாம், ஆனால் அவர் விடை தெரியாமல் தடுமாறியிருப்பார். ஏற்காட்டுக்காரர் தெரியும் என்ற நம்பிக்கையோடு தவறியிருக்கிறார். மதிப்பெண் பட்டியலில் இரண்டுக்கும் ஒரே பூஜ்யம்தான். அடுத்து என்ன படிக்க வேண்டும் என்று முடிவு செய்ய உட்காரும்போது மட்டும் இந்த இரண்டு பிழைகளும் ஒன்றல்ல.

மாதிரித் தேர்வு எழுதுகிற பலரும் பிழைகளைக் குறித்துவைக்கத்தான் செய்கிறார்கள். தவறிய கேள்வியை நோட்டில் எழுதி, பக்கத்தில் சரியான விடையைச் சிவப்பு மையில் எழுதி, பாடத்தின் பெயரையும் போடுகிறார்கள். சில மாதங்களில் நோட்டு நிறைந்துவிடுகிறது, மதிப்பெண் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இதற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்வது சரியல்ல. அந்த நோட்டில் தவறிய கேள்வி இருக்கிறது, சரியான விடை இருக்கிறது, தவறான விடைக்கு நாம் எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்பது மட்டும் இல்லை. அது இல்லாமல் எந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது.

எடுத்துக்காட்டுக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வை எடுத்துக்கொள்கிறேன். மலைக்கிராமங்களில் பத்தாம் வகுப்பு முடித்தவர் முதல் பட்டதாரி வரை எழுதுகிற தேர்வு அது. மூன்று மணி நேரத்தில் 200 கேள்விகள், கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் வீதம் மொத்தம் 300. பாதி தமிழ், 75 கேள்வி பொது அறிவு, மீதி 25 கேள்வி திறனறிவு, அதாவது கணக்கும் தருக்கமும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஏற்காட்டுக்காரர்களுக்குக் கோச்சிங் சென்டர்களும் டெஸ்ட் பேட்ச்களும் பெரும்பாலும் சேலத்தில்தான். இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, வாரம் ஒரு தேர்வு எழுதிவிட்டு, மாலை பஸ்ஸில் திரும்ப எல்லோராலும் முடியாது. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் சுத்தமாக முடியாது. வீட்டில் உட்கார்ந்து பழைய வினாத்தாளை வைத்து நேரம் பார்த்து எழுதி, கீயை வைத்துத் தானே திருத்துபவர்களே மிகுதி. நல்ல ஆசிரியர் ஒருவர் விடைத்தாளைப் பார்த்தால், நீ இந்த இடத்தில்தான் வழி தவறுகிறாய் என்று சொல்லிவிடுவார். அவர் இல்லாத இடத்தில் அந்த வேலையை நோட்டு செய்ய வேண்டியிருக்கிறது.

பிழையைப் பார்த்து வழியைக் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டிய ஆய்வு ஒன்று 1978இல் வந்தது. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் குழந்தைகளின் கழித்தல் கணக்குகளை எடுத்துக்கொண்டார்கள். 503இலிருந்து 268ஐக் கழித்தால் 235. ஒரு குழந்தை 365 என்று எழுதுகிறது. திருத்துபவர் பெரும்பாலும் கவனக்குறைவு என்று சுழித்துவிட்டுப் போவார். கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒன்றின் இடத்தில் 3க்கும் 8க்கும் வித்தியாசம் 5, பத்தின் இடத்தில் 0க்கும் 6க்கும் 6, நூறின் இடத்தில் 5க்கும் 2க்கும் 3. கடன் வாங்க வேண்டிய இடத்தில் அந்தக் குழந்தை மேலது கீழது பார்க்காமல் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. அதன் கணக்கில் கவனக்குறைவே இல்லை. தன்னிடம் உள்ள தவறான விதியை மிகுந்த கவனத்தோடு அது பின்பற்றியிருக்கிறது. இப்படிப்பட்ட தவறான விதிகளைப் பட்டியலிட்டு, ஒரு மாணவரின் விடைகளுக்கு எந்த விதி பொருந்துகிறது என்று தேடும் கணினி நிரலை அவர்கள் உருவாக்கினார்கள். நிகரகுவா நாட்டின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளின் விடைகள் அதில் ஆராயப்பட்டன.

இந்த ஆய்வில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. தவறான விதியைச் சரியாகப் பிடித்துவிட்டால், அந்தக் குழந்தை அடுத்த கணக்கில் என்ன தவறான விடை எழுதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். 712இலிருந்து 345ஐக் கழிக்கச் சொன்னால் 367க்குப் பதில் 433 வரும் என்று எழுதிவைத்துவிட்டுக் காத்திருக்கலாம். 433 வந்தால் நம் கணிப்பு சரி, வேறு எண் வந்தால் கணிப்பு தவறு. பிழைக்குறிப்பு நோட்டு வெறும் பதிவேடாக நிற்பதும் சோதனைக் கருவியாக மாறுவதும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன.

இதைத் தேர்வு நோட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது? நாகலூர்ப் பக்கம் ஒரு மாணவி வீட்டிலிருந்தே குரூப் 4க்குத் தயாராகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளும் அவள் நோட்டின் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. கணக்குகள் மட்டும் எந்த வினாத்தாளிலும் பார்க்கக்கூடியவை.

அவளுடைய வேலை கீயைப் பார்ப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தேர்வு எழுதும்போதே ஒவ்வொரு கேள்வி எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் குறி போடுகிறாள். உறுதியாகத் தெரிந்தால் ஒரு கோடு, பாதி சந்தேகம் என்றால் இரண்டு கோடு, குருட்டாம்போக்கில் போட்டது என்றால் வட்டம். ஒரு நொடி ஆகும் வேலை. தேர்வு முடிந்தபின் இதைச் செய்தால் பயன் கிடையாது. 1975இல் உளவியலாளர் பாரூக் ஃபிஷாஃப் காட்டியது போல, முடிவு தெரிந்த பிறகு, இது எனக்கு முன்பே தெரியும் என்று மனம் நம்பத் தொடங்கிவிடுகிறது. கீயைப் பார்த்ததும் அடடா, இது தெரிந்ததுதானே, சில்லி மிஸ்டேக் என்று தோன்றுவது இதனால்தான். அந்த நேரத்தில் நாம் பொய் சொல்வதில்லை, உண்மையாகவே அப்படி நினைவில் மாறிவிடுகிறது. எழுதும்போது போட்ட குறிதான் அதற்குச் சாட்சி.

குறிகள் இருப்பதால் இன்னொரு வகைக் கேள்வியும் நோட்டுக்குள் வருகிறது. குருட்டாம்போக்கில் போட்டுச் சரியாகிப்போனவை. விடை தெரியாமல் 28 கேள்விகளுக்கு நான்கில் ஒன்றைத் தொட்டால், சராசரியாக 7 சரியாக விழும். மதிப்பெண் குறைப்பு இல்லாத தேர்வில் அப்படித் தொடுவதில் தவறில்லை. விடை தெரியவில்லை என்பதற்கென்றே ஐந்தாவது வட்டம் ஒன்று இருந்தாலும் தேர்வர்கள் பெரும்பாலும் ஏதோ ஒன்றைத் தொடவே செய்கிறார்கள். ஆனால் அந்த 7ஐயும் தெரிந்த கணக்கில் சேர்த்துவிட்டால் பலவீனம் மறைந்துபோகும். நீட் தேர்வில் சரிக்கு நான்கு சேர்ந்து, தவறுக்கு ஒன்று குறைவதால் அங்கே தேர்வர்கள் கொஞ்சம் கை கட்டிக்கொள்கிறார்கள். குரூப் 4இல் அந்தத் தடை இல்லாததால் அதிர்ஷ்டச் சரிகளை நோட்டில் ஏற்றுவது இங்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது.

இனி நோட்டின் வரி. அவள் கேள்வியை முழுதாக எழுதுவதில்லை. தேர்வு எண்ணும் கேள்வி எண்ணும் போதும், வினாத்தாள் கையில்தான் இருக்கிறது. அதையடுத்து பாடம், தன் குறி, தான் போட்ட விடை. கடைசியாக, இதுதான் நேரம் எடுக்கும் பகுதி, அந்த விடைக்குத் தன்னைக் கொண்டுபோன எண்ணத்தை ஒரு வாக்கியத்தில் எழுதுகிறாள். ‘கூட்டுவட்டி தெரியவில்லை’ என்று எழுதினால் அது வாக்கியம் ஆகாது. ‘முதல் ஆண்டு வட்டி 1,000, எனவே இரண்டு ஆண்டுக்கு 2,000 என்று எடுத்தேன்’ என்பது வாக்கியம். கவனக்குறைவு என்ற சொல்லை நோட்டில் எழுதக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்வது நல்லது. அது எல்லாப் பிழைக்கும் பொருந்தும், எதற்கும் மருந்து சொல்லாது.

அந்தச் சொல்லைத் தவிர்த்துவிட்டு என்ன எழுதுவது என்று திகைப்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் ஆன் நியூமன் 1977இல் வெளியிட்ட முறை உதவும். எழுத்தில் தரப்பட்ட கணக்கு ஒன்றைச் செய்ய ஒரு மாணவர் ஐந்து படிகளைத் தாண்டியாக வேண்டும் என்றார் அவர். கேள்வியை வாசிக்க வேண்டும், கேட்டது என்னவென்று புரிந்துகொள்ள வேண்டும், எந்த வழியில் போடுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டும், கணக்கைப் போட வேண்டும், கிடைத்த விடையைச் சரியாக எழுத வேண்டும். மாணவரை மறுபடி அதே கணக்கை வாய்விட்டுச் சொல்லிப் போடச் செய்தால், எந்தப் படியில் முதலில் சறுக்கினார் என்பது தெரிந்துவிடும். இந்த முறையில் ஆராய்ந்தவர்கள் கண்டது, கணிசமான பிழைகள் எண்களைத் தொடுவதற்கு முன்பே நேர்ந்துவிடுகின்றன என்பது. ஐந்தாவது படி நம் தேர்வில் ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தை நிரப்புவது. 63ஆம் கேள்வியின் விடையை 64இல் நிரப்புவது அந்தப் படியின் பிழை. அது உண்டாக்கும் நஷ்டமும் தனி ரகம், ஒன்று நழுவினால் பின்னால் வருவதெல்லாம் நழுவும்.

நம் மாணவி நான்கு மாதிரித் தேர்வு எழுதிவிட்டாள். திறனறிவுப் பகுதியில் மட்டும் பார்த்தால் 25க்கு 16, 19, 15, 18. மூன்றாவது தேர்வில் 15 வந்ததும் அவள் கலங்கியிருப்பாள், நான்காவதில் 18 வந்ததும் தெம்பு வந்திருக்கும். இரண்டுக்குமே காரணமில்லை. ஒருவரின் உண்மையான திறன் 25க்கு 17 என்ற அளவில் மாறாமல் நின்றாலும், கேள்விகள் மாறுவதால் மட்டுமே மதிப்பெண் இரண்டு மூன்று மேலும் கீழும் ஆடும். இதைப் புள்ளியியல் எளிதாகக் கணக்கிட்டுச் சொல்லிவிடும். பாடவாரியாகப் பார்த்தால் ஆட்டம் இன்னும் மோசம். ஒரு தேர்வில் வட்டிக் கணக்கு மூன்று வந்து, அதில் இரண்டு போனால், வட்டியில் நான் மோசம் என்று முடிவு கட்டுவதற்கு மூன்று கேள்வி போதாது. இன்னொரு பொறியும் உண்டு. ஒரு தேர்வில் மிக மோசமாகப் போன பாடம் அடுத்த தேர்வில், ஒன்றும் படிக்காவிட்டால்கூட, பெரும்பாலும் கொஞ்சம் மேலேறும், ஏனென்றால் முதல் தடவை துரதிர்ஷ்டமும் சேர்ந்திருந்தது. நடுவில் ஒரு வாரம் அந்தப் பாடத்தைப் படித்திருந்தால், ஏற்றம் முழுவதையும் படிப்பின் கணக்கில் எழுதிக்கொள்வோம். ஆகவே நோட்டைத் தொகுத்துப் பார்க்க நான்கு தேர்வாவது பொறுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நான்கு தேர்வுகளில் 100 கேள்விகளில் 32 தவறு, அதிர்ஷ்டச் சரி 8. ஆக நோட்டில் 40 வரிகள். அவற்றை முதலில் அவள் பாடவாரியாக எண்ணுகிறாள். சதவீதம் 8, தனிவட்டியும் கூட்டுவட்டியும் 8, பரப்பளவும் கன அளவும் 7, எண் தொடரும் தருக்கமும் 7, வேலையும் நேரமும் 6, மீ.பொ.வ.–மீ.சி.ம. 4. இதைப் பார்த்து என்ன முடிவுக்கு வர முடியும்? எல்லாம் சமமாக மோசம், எல்லாவற்றையும் மறுபடி படி என்றுதான் இந்தப் பட்டியல் சொல்லும். அநேகம் பேருடைய நோட்டு இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

அடுத்து அதே 40 வரிகளை, கடைசியில் எழுதிய வாக்கியத்தை வைத்து எண்ணுகிறாள். இப்போது வேறு படம் தெரிகிறது. கேட்டதை விட்டு வேறொன்றைக் கண்டுபிடித்தவை 8. வட்டி கேட்டால் தொகையையும், மீதி வேலை கேட்டால் முடிந்த வேலையையும் குறித்திருக்கிறாள். பாடமே தெரியாதவை 7, அவற்றில் ஐந்து கூம்பு, கோளம் போன்றவற்றின் கன அளவு. நேரம் போதாமல் தொட்டுவிட்டு வந்தவை 7. கூட்டல் பெருக்கலில் பிசகியவை 6. கீயே தவறாக இருந்தவை 2. வட்டம் மாற்றி நிரப்பியது 1. மீதமுள்ள 9 வரிகள் வெவ்வேறு பாடங்களிலிருந்து வந்தவை, ஆனால் வாக்கியங்கள் அச்சு அசலாக ஒரே ஜாடை.

அந்த ஒன்பதில் நான்கை மட்டும் பார்ப்போம். கிலோ 400 ரூபாய் விற்ற காப்பிக்கொட்டையின் விலை 20 சதவீதம் ஏறி, பிறகு 20 சதவீதம் இறங்கினால் இப்போது என்ன விலை? அவள் போட்டது 400. ‘ஏறியதே இறங்கிவிட்டது’ என்பது வாக்கியம். சரியான விடை 384, ஏனென்றால் ஏற்றம் 400இன் மேல் கணக்கிடப்பட்டது, இறக்கம் 480இன் மேல். அடுத்தது, ஒரு பொருளை 600 ரூபாய்க்கு விற்று 20 சதவீத லாபம் பெற்றால் வாங்கிய விலை என்ன? அவள் போட்டது 480, ‘600இல் 20 சதவீதம் 120, அதைக் கழித்தேன்’. லாப சதவீதம் வாங்கிய விலையின் மீதுதான் சொல்லப்படும், எனவே விடை 500. மூன்றாவது வட்டிப் பாடத்தில், 10,000 ரூபாய்க்கு 10 சதவீதம் கூட்டுவட்டி இரண்டு ஆண்டுக்கு. அவள் போட்டது 2,000, சரி 2,100. இரண்டாம் ஆண்டு வட்டி 11,000க்கு என்பதை விட்டுவிட்டாள். நான்காவது பரப்பளவில், ஒரு செவ்வகத்தின் நீளமும் அகலமும் 10 சதவீதம் கூடினால் பரப்பு எவ்வளவு கூடும்? அவள் போட்டது 20 சதவீதம், சரி 21.

பாடப் பட்டியல் இவற்றை மூன்று பாடங்களாகச் சிதறடித்திருந்தது. உள்ளே இருப்பது ஒரே தவறான விதி. சதவீதம் என்றால், கேள்வியில் கண்ணில் படும் எண்ணின் மீது, அல்லது முதலில் இருந்த எண்ணின் மீது என்று அவள் எடுத்துக்கொள்கிறாள். எதன் மீது என்று கேட்பதில்லை. அவள் போட்ட 480உம் 2,000உம் தேர்வுத்தாளில் விருப்ப விடைகளாக ஏன் இருந்தன என்பதையும் கவனியுங்கள். இப்படித்தான் பலர் தவறுவார்கள் என்று தெரிந்துதான் கேள்வி தயாரிப்பவர் அந்த எண்களை அங்கே வைக்கிறார். ஆகையால் நாம் தேர்ந்தெடுத்த தவறான விடையும் ஒரு தடயம். அதை நோட்டில் எழுதாமல் விடுவது பெரிய இழப்பு.

இது இன்னும் ஊகம்தான். ஒன்பது வரிகள் ஒரே மாதிரித் தெரிவது நாமாக இழுத்துப் பொருத்தியதாலும் இருக்கலாம். பிரவுனும் பர்ட்டனும் செய்தது போல இதைச் சோதித்துவிடலாம். அவள் பாடநூலிலிருந்து ஆறு புதிய கணக்குகளை எடுக்கிறாள், அல்லது வீட்டில் யாரையாவது எடுத்துத் தரச் சொல்கிறாள். நான்கில் அடிப்படை எண் மாறும். 10 சதவீதத் தள்ளுபடிக்குப் பிறகு விலை 450 என்றால் குறித்த விலை என்ன என்பது ஒன்று. சரி 500, தவறான விதி சொல்வது 495. 25 சதவீதம் கூடிய பிறகு மக்கள்தொகை 5,000 என்றால் முன்பு எவ்வளவு என்பது இன்னொன்று. சரி 4,000, தவறான விதி சொல்வது 3,750. மீதி இரண்டு கணக்குகளில் அடிப்படை மாறாது, 800இல் 15 சதவீதம் எவ்வளவு என்பது போல. இந்த இரண்டும்தான் சோதனைக்கு முதுகெலும்பு. முதல் நான்கில் 495, 3,750 போன்ற விடைகள் வந்து, கடைசி இரண்டும் சரியாக இருந்தால் நம் ஊகம் நிற்கிறது. கடைசி இரண்டிலும் தவறினால் பிரச்சினை வேறு, அவளுக்குச் சதவீதமே கைவரவில்லை, ஐந்தாம் ஆறாம் வகுப்புப் புத்தகத்துக்குப் போக வேண்டும். எல்லாமே சரியாக வந்தால் விதி அவளுக்குத் தெரியும், தேர்வின் அவசரத்தில்தான் விழுகிறது, அப்போது நேரம் வைத்துப் பயிற்சி செய்ய வேண்டும். ஆறு கணக்கு, இருபது நிமிடம், மூன்று வெவ்வேறு மருந்துகளில் எது என்று தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் நூறு சதவீதக் கணக்குகளைப் போடத் தொடங்குபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த நூறில் எண்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வகையாகவே இருக்கும்.

எதை முதலில் சரிசெய்வது என்ற கேள்விக்கு இப்போது வரலாம். ஒன்பது வரி, நான்கு தேர்வு, ஆகத் தேர்வுக்கு இரண்டேகால் கேள்வி, ஏறக்குறைய மூன்றரை மதிப்பெண். கேட்டதை விட்டு வேறொன்றைக் கண்ட எட்டு வரிகள் தேர்வுக்கு மூன்று மதிப்பெண். கன அளவு ஐந்து வரி, இரண்டு மதிப்பெண்ணுக்குச் சற்றுக் குறைவு. மதிப்பெண் மட்டுமல்ல, அதைப் பெற எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கன அளவு புதிதாகக் கற்க வேண்டிய பாடம், ஒரு வாரமாவது போகும். கேட்டதை விட்டுவிடும் பழக்கத்துக்கு, கேள்வியின் கடைசி வரியை முதலில் படித்து, வட்டியா தொகையா என்று ஒரு சொல்லை ஓரத்தில் எழுதிவைப்பது பெரும்பாலும் போதும். அதை இன்றைக்கே தொடங்கலாம், தனி நேரம் வேண்டாம். சதவீத அடிப்படைக்கு இரண்டு மூன்று நாள். எனவே வரிசை இப்படி அமைகிறது. கடைசி வரிப் பழக்கம் இன்று முதல் எல்லாக் கணக்கிலும், சதவீதம் இந்த வாரம், கன அளவு அதற்குப் பிறகு. கூட்டல் பிசகு ஆறும் சிதறிக் கிடக்கின்றன, அவற்றில் ஜாடை தெரியவில்லை, இப்போதைக்கு விட்டுவிடலாம். கீ தவறான இரண்டையும் பாடநூலோடு ஒப்பிட்டு அடித்துவிட வேண்டும். பொது அறிவிலும் இந்தச் சிக்கல் வரும். சேர்வராயன் மலையின் உயரத்துக்குச் சோலைக்கரடு 1,620 மீட்டர் என்றும், சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,623 மீட்டர் என்றும் இரண்டு எண்கள் புழக்கத்தில் உள்ளன. அந்த மூன்று மீட்டருக்காகத் தன்னைப் பலவீனமானவள் என்று அவள் எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை.

மருந்து எளியதுதான். சதவீதக் குறி வரும் ஒவ்வொரு இடத்திலும், கணக்கைத் தொடும் முன், அது எந்த எண்ணில் என்று கீழே எழுத வேண்டும். 20% என்று இருந்தால் கீழே ‘400இல்’, அடுத்த 20%க்குக் கீழே ‘480இல்’. வாங்கிய விலை தெரியாவிட்டால் ‘வாங்கிய விலையில்’ என்று சொல்லாக எழுதலாம். அந்த ஒரு சொல் எழுதப்பட்டதும் 120ஐக் கழிக்கக் கை வராது. ஆனால் இந்தப் பயிற்சியை ஒரே அமர்வில் இருபது கணக்காகப் போட்டால், நான்காவது கணக்கிலிருந்து யோசிக்காமலே சரியாக வரும். அதுதான் ஏமாற்றம். டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் 2007இல் கல்லூரி மாணவர்களை வைத்து, தற்செயலாக நம் மாணவி கற்க வேண்டிய கன அளவுக் கணக்குகளிலேயே, இதைச் சோதித்தார்கள். ஒரே வகைக் கணக்கைத் தொடர்ந்து போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், வகைகளைக் கலந்து போட்டவர்கள் 60 சதவீதம். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் கலந்து போட்டவர்கள் 63 சதவீதம், தொடர்ந்து போட்டவர்கள் 20 சதவீதம். தேர்வில் கணக்குக்கு மேலே பாடத்தின் பெயர் எழுதியிருக்காது. இது எந்த வகை என்று அடையாளம் காணும் வேலையைக் கலவைப் பயிற்சிதான் கற்றுத்தருகிறது. எனவே அவள் ஒரு நாளைக்குப் போடும் பன்னிரண்டு கணக்கில் நான்கு மட்டும் சதவீத அடிப்படை, மற்றவை வேலையும் வட்டியும் மீ.சி.ம.வும் கலந்தவை.

ஒரு வரியை எப்போது மூடுவது? சரியான விடையைப் படித்துப் புரிந்ததும் அல்ல. ஜேனட் மெட்கால்ஃபும் பிராடி பட்டர்ஃபீல்டும் 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒரு வியப்பான உண்மையைச் சொன்னது. மிகுந்த நம்பிக்கையோடு தவறாகச் சொன்ன விடைகள், திருத்தப்பட்டதும் மற்றவற்றைவிட எளிதாகச் சரியாகிவிடுகின்றன. எதிர்பாராத அடி கவனத்தை ஈர்த்துவிடுகிறது. மாக்னசைட் என்று உறுதியாகப் போட்டவருக்கு, பாக்சைட் என்ற கீ மனத்தில் பதிவது இதனால்தான். பத்தாண்டு கழித்து வந்த இன்னோர் ஆய்வு இதற்கு ஒரு பின்குறிப்புச் சேர்த்தது. ஒரு வாரம் கழித்துச் சரியான விடை மறந்துபோனால், அந்த இடத்துக்குப் பழைய தவறே திரும்பி வருகிறது, அதுவும் நம்பிக்கையோடு போட்ட தவறுகளில்தான் அப்படித் திரும்புவது அதிகம். ஆகவே உறுதிக்கோடு போட்டுத் தவறிய வரிகளை மூன்று நாளில் ஒருமுறை, பத்து நாளில் ஒருமுறை புதிய கேள்வியாகச் சந்திக்க வேண்டும். அதே கேள்வியைப் பார்த்தால் விடையின் இடம்தான் நினைவுக்கு வரும், பொருள் வராது. இரண்டு முறையும் உறுதிக்கோட்டோடு சரியானால் வரியின் மேல் ஒரு கோடு.

இந்த முறைக்கு எல்லை உண்டு. நோட்டு, கேட்கப்பட்ட கேள்விகளை மட்டுமே அறியும். நான்கு தேர்விலும் ஒரு பாடத்திலிருந்து கேள்வியே வரவில்லை என்றால் அது தெரியாது என்பதை நோட்டு சொல்லாது, பாடத்திட்டத்தை ஒருமுறை வரிவரியாகப் பார்த்தாக வேண்டும். மாதிரித் தாள் எடுத்தவர் திறமையற்றவர் என்றால் நோட்டும் அவருடைய குறைகளையே பிரதிபலிக்கும். ஆணையத்தின் பழைய வினாத்தாள்களை இடையிடையே எழுதுவது இதனால் அவசியம். அந்தத் தேர்வுகளுக்கு உத்தேச விடைகள் வெளியிட்டு, தேர்வர்களின் ஆட்சேபணையையும் கேட்பதால் கீயை ஓரளவு நம்பலாம்.

தவறான விதிகளும் ஓரிடத்தில் நிற்பதில்லை. கழித்தல் ஆய்வைத் தொடர்ந்த கர்ட் வான்லென், ஒரே குழந்தை ஒரே தாளுக்குள்ளேயே ஒரு தவறான விதியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதைக் கண்டார். வழி அடைபட்ட இடத்தில் மனம் ஏதோ ஓர் ஒட்டு வேலை செய்து தாண்டுகிறது, அந்த ஒட்டு ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருப்பதில்லை. நம் மாணவிக்கும் இது நேரும். ஆறாவது மாதிரித் தேர்வில் அவளுக்கு, 600 ரூபாய்க் குறித்த விலையில் 20 சதவீதத் தள்ளுபடி போக எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேள்வி வருகிறது. மிக எளிய கணக்கு, விடை 480. முன்பு இதை ஒருபோதும் தவறவிடாதவள் இப்போது 600ஐ 1.2ஆல் வகுத்து 500 என்று போட்டு, பக்கத்தில் உறுதிக்கோடும் போட்டிருக்கிறாள். புதிதாகக் கற்ற வழி தேவையில்லாத இடத்துக்கும் பரவிவிட்டது. நோட்டில் இது புதிய வரியாகவே ஏறுகிறது: ‘விலையும் சதவீதமும் கண்டதும் வகுத்தேன், கீழே எந்த எண்ணில் என்று எழுதவில்லை’. அடுத்த மூன்று நாட்களின் கலவைக் கணக்குகளில், அடிப்படை மாறுவன இரண்டும் மாறாதவை இரண்டும் அருகருகே வைக்கப்படுகின்றன.